சேர்வே மீட்டர் கத்தினா மட்டும் போதாது: செக் சோர்ஸ், பேக்கிரவுண்ட், டெட் டைம்

எங்கட லேப்புக்குப் புதுசா வந்த தம்பி ஒருத்தர் முதல் நாளே கதிர்வீச்ச அளக்கிற சேர்வே மீட்டர ஓன் பண்ணி, அத சோதிக்க வச்சிருக்கிற செக் சோர்ஸ் எண்ட சின்னக் கதிர்வீச்சு வட்ட எடுத்து புரோப்புக்குக் கிட்ட பிடிச்சார், அது சடசடவெண்டு கத்தினது, "அண்ணா மீட்டர் ஓகே" எண்டு சொல்லிப்போட்டு ரெஜிஸ்டர்ல ஒரு டிக் அடிச்சிட்டார். எவ்வளவு காட்டினது எண்டு கேட்டன். "நல்லா கத்திச்சு அண்ணா" எண்டார். பிழை அவர்ல இல்ல, ஆரும் அவருக்குச் சொல்லிக்குடுக்கேல்ல. அண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு அவருக்குச் சொன்னதைத்தான் இஞ்ச கொஞ்சம் விரிச்சு எழுதுறன். பான்கேக் எண்டு சொல்லுற, வட்டமா தட்டையா மைக்கா விண்டோ வச்ச கைகர்-முல்லர், சுருக்கமா ஜிஎம், புரோப்ப வச்சுத்தான் சொல்லப்போறன், கொழும்பில கன லேப்ல கையில இருக்கிறது அதுதான்.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்ப்பம். செக் பண்ணுறது வேற, கலிபிரேசன் வேற. கலிபிரேசன் எண்டா மீட்டர ஒருகொடவத்தையில இருக்கிற இலங்கை அணுசக்தி சபைக்குக் கொண்டுபோய், தெரிஞ்ச அளவு கதிர்வீச்சில வச்சு, காட்டுற நம்பர் சரியோ எண்டு பாக்கிறது. அது வழமையா வருசத்துக்கு ஒருக்கா. செக் சோர்ஸ் வேலை அது இல்ல. "கலிபிரேட் பண்ணி வந்த நாளில இந்த மீட்டர் எப்பிடி இருந்ததோ இண்டைக்கும் அப்பிடியே இருக்குதோ" எண்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். அதனால மீட்டர் கலிபிரேசனால திரும்பி வந்த அண்டைக்கே உங்கட சொந்த செக் சோர்ஸ வச்சு ஒரு ரீடிங் எடுத்து எழுதி வைக்கோணும். அந்த முதல் நம்பர் இல்லாட்டி பிறகு எடுக்கிற எந்த நம்பருக்கும் அர்த்தமில்ல, ஒப்பிட ஒண்டும் இருக்காது.

இப்ப சோர்ஸ். நான் பாவிக்கிறது சீசியம்-137, ஒரு ரூபாய் நாணயத்த விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் வட்டு, நடுவில சின்னதா பொருள் வச்சு அடைச்சது, 0.25 மைக்ரோகியூரி, அதாவது 9 கிலோபெக்கரலுக்குக் கொஞ்சம் மேல. அரை ஆயுள் 30 வருசம் எண்டபடியா வருசத்துக்கு 2 சதவீதம் மட்டில குறையும், அதுக்காகத்தான் கன பேர் சீசியத்த விரும்புறது. கோபால்ட்-60 எண்டா அரை ஆயுள் 5.27 வருசம், வருசம் 12 சதவீதம் மட்டில போயிரும், அத கணக்கில எடுக்க மறந்தா மீட்டர் பழுதாப் போச்சு எண்டு நினைப்பீங்கள். இந்த வட்டு கைக்கு ஆபத்தான சாமான் இல்ல, ஆனாலும் விளிம்பில பிடிச்சு எடுங்கோ, லேபல் மூஞ்சிய விரலால தேய்க்க வேணாம், வெடிப்பு கீறல் கண்டா பாவிக்காம உங்கட கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிட்டச் சொல்லுங்கோ. பொக்கெட்டுக்குள்ள போட்டுக்கொண்டு போறது, வீட்ட கொண்டு போறது எல்லாம் கூடவே கூடாது. சோர்ஸ் வச்சிருக்கிறது, வாங்கிறது, எறியிறது எல்லாம் 2014ம் ஆண்டு 40ம் இலக்க அணுசக்திச் சட்டத்துக்குக் கீழ வாற விசயம், உங்கட இடத்து அனுமதிப்பத்திரத்தில அது இருக்குதோ எண்டு ஒருக்கா கேட்டு வையுங்கோ.

ரீடிங் எடுக்க முதல் மூண்டு விசயம். பற்றரி டெஸ்ட் பட்டன அமத்தி ஊசி பச்சைப் பகுதிக்குள்ள நிக்குதோ பாருங்கோ. பற்றரி நொந்தா டியூபுக்குப் போற ஹை வோல்டேஜ் சரியா நிக்காது, ஜிஎம் டியூப் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் எல்லைக்குள்ளதான் நிதானமா எண்ணும், அதுக்குக் கீழ போனா எண்ணிக்கை விழும். புறக்கோட்டை நடைபாதையில மலிவா விக்கிற பற்றரியப் போட்டிட்டு இது ஏன் ஒரு கிழமையில சாகுது எண்டு கேக்க வேணாம். அடுத்தது கேபிள்: ரெண்டு பக்கமும் கனெக்டருக்குக் கிட்ட மெதுவா ஆட்டிப் பாருங்கோ, ஆட்டேக்க டக் டக்கெண்டு சத்தம் வந்தா கேபிள் போச்சு, அது கதிர்வீச்சு இல்ல. மூண்டாவது, விண்டோவில மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் மூடி, எங்கடதில அது சிவப்பு. கழட்டினீங்களோ எண்டு கண்ணால பாருங்கோ. இந்த மூடியப் பற்றி பிறகு ஒரு கதை இருக்கு. கழட்டின பிறகு மைக்கா விண்டோவத் தொட வேணாம், அது கடுதாசிய விட மெல்லிசு, பேனா முனை பட்டாலே ஓட்டை விழும், விழுந்தா டியூபே முடிஞ்சுது.

அடுத்தது எங்க வைக்கிறது. கையால பிடிச்சு ரீடிங் எடுக்கிற ஆக்கள நான் நம்புறதில்ல. ரெண்டு சென்ரிமீட்டர் தூரத்தில இருக்கிற சோர்ஸ் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே எண்ணிக்கை பத்துப் பதினஞ்சு சதவீதம் மாறலாம். எங்கட லேப்ல இருக்கிற ஜிக் பழைய அக்ரிலிக் துண்டில வெட்டினது, கீழ வட்டு உக்கார ஒரு குழி, மேல புரோப் உக்கார ஒரு வளையம், இடையில 2 சென்ரிமீட்டர், புரோப்பின்ட கைபிடி எந்தப் பக்கம் நிக்கோணும் எண்டதுக்கு மார்க்கரால ஒரு அம்புக்குறி. வட்டின்ட லேபல் பக்கம் மேல. ஆர் வச்சாலும் ஒரே மாதிரித்தான் உக்காரும். அவ்வளவுதான் ஜிக், பெரிய காசு ஒண்டும் இல்ல.

இனி பேக்கிரவுண்ட். சோர்ஸ் பக்கத்தில இல்லாமலே மீட்டர் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்: சுவர், நிலம், மேல இருந்து வாற கொஸ்மிக் கதிர் எல்லாம். அத எடுக்கேக்க சோர்ஸ் அதே மேசை லாச்சிக்குள்ள இருக்கக்கூடாது, ஈயப் பெட்டிக்குள்ள வச்சு அடுத்த அறையில வையுங்கோ. புரோப் மட்டும் அதே ஜிக்கில, அதே இடத்தில இருக்கட்டும், ஏனெண்டா நீங்க கழிக்கப்போறது அந்த இடத்தின்ட பேக்கிரவுண்ட், வேற மூலையின்ட பேக்கிரவுண்ட் இல்ல. ஊசிய பாத்து "நாப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில" எண்டு எழுத வேணாம், குறிச்ச நேரத்துக்கு மொத்தமா எண்ணுற ஸ்கேலர் மோட் இருந்தா அதில போட்டு 10 நிமிசம் எண்ண விடுங்கோ. எங்களுக்கு அண்டைக்கு 10 நிமிசத்தில 520 கவுண்ட் வந்தது, அதாவது நிமிசத்துக்கு 52 கவுண்ட், இத சிபிஎம் எண்டு எழுதுறது.

ஏன் 10 நிமிசம்? கதிர்வீச்சு ஒழுங்கா வரிசையில வாறதில்ல, அள்ளி எறிஞ்ச மாதிரி வரும். எண்ணின மொத்தத்தின்ட வர்க்கமூலம்தான் அதின்ட தளம்பல். 520ன்ட வர்க்கமூலம் 23 மட்டில, பத்தால பிரிச்சா 52க்குக் கூடக்குறைய 2.3. ஒரு நிமிசம் மட்டும் எண்ணியிருந்தா 52க்குக் கூடக்குறைய 7. ஒருக்கா 45, ஒருக்கா 60 எண்டு வாறத பாத்து மீட்டர் பைத்தியம் பிடிச்சிட்டுது எண்டு புதுசா வாற ஆக்கள் பயப்பிடுறது இதாலதான். இத ஒருக்கா நீங்களே செய்து பாருங்கோ, ஒரு நிமிச எண்ணிக்கை பத்து எடுத்து எழுதுங்கோ, எல்லாம் 52 எண்டு வந்தாத்தான் பயப்பிடோணும்.

இந்தக் கழித்தல் ஏன் வேணும் எண்டதுக்கு என்ர சொந்தக் கதை. நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில செக் சோர்ஸ் பழசாகி நல்லா நொந்திருந்தது. ரெஜிஸ்டர்ல கலிபிரேசன் நாள் ரீடிங் 210 சிபிஎம் எண்டு இருந்தது, அண்டைக்கு நான் எடுத்தது 185. 210ல 12 சதவீதம் குறைவு, எங்கட எல்லை கூடக்குறைய 20 சதவீதம், பாஸ் எண்டு எழுதிப்போட்டு சாப்பிடப் போயிட்டன். திரும்பி வந்து பேக்கிரவுண்ட் எடுத்தா 120! வழமையா அந்த அறையில 50தான். கதவத் திறந்து வெளிய பாத்தன், சுவருக்கு அங்கால வாங்கில டெக்னீசியம் ஊசி போட்டு ஸ்கானுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. அவவின்ட உடம்பில இருந்து வாற காமா சுவரத் தாண்டி என்ர புரோப்புக்குள்ள. இப்ப கணக்க திரும்பப் போட்டுப் பாருங்கோ: கலிபிரேசன் நாள் 210ல 50 போனா 160, அண்டைக்கு 185ல 120 போனா 65. அறுபது சதவீதம் விழுந்திருக்கு! மீட்டர திருப்பிப் பாத்தன், சிவப்பு மூடி அப்பிடியே இருக்கு. சோர்ஸில இருந்து வாற பீட்டாக் கதிர மூடி நிப்பாட்டிப்போட்டுது, ஊடுருவிப் போற காமாவ அது கண்டுக்கவே இல்ல, அந்த அம்மாவின்ட காமா வந்து என்ர பிழைய மூடி மறைச்சிட்டுது. கழிக்காம விட்டா ரெஜிஸ்டர்ல பாஸ், அந்த மீட்டரோட போய் மேசையில சிந்தின பீட்டாவத் தேடியிருந்தா ஒண்டும் கண்டிருக்கமாட்டன்.

ஆகவே பேக்கிரவுண்ட் தினமும், ஒவ்வொரு தரமும் எடுங்கோ, "எங்கட லேப்ல 50தான்" எண்டு மனசில வச்சுக் கழிக்கிற வேலை வேணாம். ஏப்ரல், ஒக்டோபர் மாதிரி இடிமழை கொட்டுற பின்னேரங்கள்ல ரேடன் வழிவந்த தூசிய மழை கீழ இறக்குறதால வெளிய எடுக்கிற பேக்கிரவுண்டே கொஞ்ச நேரத்துக்கு ஏறும். பேருவளைக் கடற்கரைக் கறுப்பு மண் போத்தல்ல கொண்டுவந்து வேடிக்கை காட்டுற கூட்டாளிமார் இருந்தா, அதில மொனசைட் இருக்கு, தோரியம் இருக்கு, போத்தல தூரத்தில வைக்கச் சொல்லுங்கோ.

சரி, இப்ப சோர்ஸ ஜிக்கில வச்சு எண்ணுவம். 2 நிமிசம் எண்ணினன், 25,480 வந்தது, நிமிசத்துக்கு 12,740. உடன 52 கழிக்க கை துடிக்கும். பொறுங்கோ, அதுக்கு முதல் டெட் டைம்.

ஜிஎம் டியூப் ஒரு கதிர எண்ணினவுடன கொஞ்ச நேரம் செத்துப்போய்க் கிடக்கும். நடுக்கம்பியச் சுத்தி நேர்மின் அயன் கூட்டம் ஒண்டு நிக்கும், அது வெளிச்சுவர் பக்கம் நகர்ந்து போகும் வரைக்கும் கம்பிக்குக் கிட்ட மின்புலம் பலமில்லாம இருக்கும், அந்த நேரத்தில அடுத்த கதிர் வந்தாலும் எண்ணாது. காலி வீதி பஸ்ல கொண்டக்டர் ஒருத்தருக்கு டிக்கட் கிழிச்சு மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருக்கேக்க முன்கதவால ரெண்டு பேர் நைசா இறங்கிப் போற மாதிரி. பஸ்ல நாலு பேர் எண்டா ஒருத்தரும் தப்பமாட்டினம். பஸ் நிரம்பினாத்தான் கணக்கு பிழைக்கும். பான்கேக் டியூபில இந்தச் செத்த நேரம் ஐம்பதில இருந்து நூறு மைக்ரோசெக்கன் மட்டில, எங்கடது 90. திருத்துற சூத்திரம் இது:

```
n = m / (1 - m*tau)
```

`m` எண்டது காட்டின வேகம், `n` உண்மையான வேகம், `tau` டெட் டைம். இதில எல்லாரும் வழுக்கி விழுற இடம் அலகு. `tau` செக்கன்ல எண்டா `m`உம் செக்கனுக்கு எத்தினை எண்டுதான் இருக்கோணும். 12,740 சிபிஎம்ம அப்பிடியே போட்டா 12,740 தரம் 0.00009, அது 1.15, கீழ மைனஸ் வரும், விடை கேலிக்கூத்து. 60ஆல பிரியுங்கோ: செக்கனுக்கு 212.3. அத 0.00009ஆல பெருக்கினா 0.0191, ஒண்டில அது போனா 0.9809, 212.3அ அதால பிரிச்சா 216.5 மட்டில, திரும்ப நிமிசத்துக்கு மாத்தினா 12,988. இப்ப 52 கழியுங்கோ: 12,936 சிபிஎம். இதுதான் இண்டைக்கு எங்கட நம்பர், எண்ணிக்கைத் தளம்பல் கூடக்குறைய 83 மட்டில.

முதல்ல திருத்தி பிறகு கழிக்கிற ஒழுங்கு ஏன் எண்டு கேட்டா, பேக்கிரவுண்ட் கதிரும் டியூப சாகடிக்கும், டியூபுக்கு எது எங்கயிருந்து வந்தது எண்டு தெரியாது. மொத்தமா வந்த எண்ணிக்கையத்தான் திருத்தோணும். உண்மையச் சொன்னா இந்த உதாரணத்தில ஒழுங்க மாத்திச் செய்தாலும் 2 சிபிஎம்தான் வித்தியாசம், ஆரும் உங்களப் பிடிக்கமாட்டினம். பேக்கிரவுண்டே பெரிசா இருக்கிற இடத்தில பிடிபடுவீங்கள், அதால பழக்கத்த இப்பவே சரியா வச்சிருங்கோ.

ஒப்பிடுறதுக்கு கலிபிரேசன் நாள் நம்பர் இதே மாதிரி திருத்திக் கழிச்சு 13,420. அது 11 மாசத்துக்கு முதல். சீசியம் அதுக்குள்ள 2.1 சதவீதம் தேய்ஞ்சிருக்கும், 0.979ஆல பெருக்கினா இண்டைக்கு எதிர்பாக்கிறது 13,140. எடுத்தது 12,936. 1.6 சதவீதம் குறைவு, தளம்பலும் ஜிக்கில வைக்கிற சின்ன வித்தியாசமும் சேந்து அது நடக்கிற விசயம்தான். 20 சதவீத எல்லைக்குள்ள சொகுசா நிக்குது. பாஸ்.

இப்ப ஒரு கெட்டிக்காரர் கேப்பார், டெட் டைம் திருத்தாம விட்டாலும் 3.4 சதவீதம்தானே குறைவா வந்திருக்கும், அதுவும் பாஸ்தானே, பிறகேன் இந்தப் பாடு எண்டு. சரியான கேள்வி. இந்தச் சின்ன சோர்ஸுக்கு பெரிய பாதிப்பில்ல. ஆனா பெரிய சோர்ஸ் வச்சிருக்கிற இடத்தில டெட் டைம் ஒரு கள்ள வேலை செய்யும். உதாரணத்துக்கு சோர்ஸ் புரோப்புக்கு முன்னால செக்கனுக்கு 9,091 உண்மையான கவுண்ட் தரக்கூடியது எண்டு வைப்பம். 90 மைக்ரோசெக்கன் டெட் டைமோட மீட்டர் காட்டுறது 5,000. இப்ப டியூப் பழுதாகத் தொடங்கி உணர்திறன் 30 சதவீதம் விழுந்திட்டுது, உண்மை வேகம் 6,364. மீட்டர் எவ்வளவு காட்டும்? பாதியளவு செத்துக்கிடந்த டியூபுக்கு இப்ப கூட்டம் குறைஞ்சு மூச்சு விட நேரம் கிடைக்குது, அதால 4,046 காட்டும். 5,000ல இருந்து 4,046, 19 சதவீதம்தான் குறைவு. பாஸ்! முப்பது சதவீதம் செத்த மீட்டர் கையெழுத்தோட வெளிய போகுது.

நொந்த சோர்ஸ் எண்டா பேக்கிரவுண்ட் பிழைய மறைக்கும், பெரிய சோர்ஸ் எண்டா டெட் டைம் பிழைய மறைக்கும், ரெண்டும் மீட்டர நல்ல பிள்ளை எண்டு காட்டுற பக்கம்தான் இழுக்கும். அதாலதான் நான் புது ஆக்களுக்குச் சொல்லுறது, செக் சோர்ஸ் பேக்கிரவுண்ட போல குறைஞ்சது பத்து மடங்காவது காட்டோணும், ஆனா `m*tau` 0.05க்கு மேல போகாம இருந்தா நிம்மதி. எங்கட 12,740 ரெண்டுக்கும் இடையில அழகா உக்காந்திருக்கு.

சரி, இந்த 90 எங்க இருந்து வந்தது? மனுவல்ல ஒரு நம்பர் போட்டிருப்பினம், அது அந்த வகை டியூபுக்கான பொது நம்பர். உங்கட டியூபுக்கு நீங்களே எடுக்கலாம், ரெண்டு சோர்ஸ் முறை எண்டு பேர். ஒண்டின்ட வேகம், மற்றதின்ட வேகம், ரெண்டும் சேந்த வேகம். டெட் டைம் இல்லாட்டி சேந்தது ரெண்டின்ட கூட்டுத்தொகையா இருக்கோணும். கூட்டுத்தொகையில எவ்வளவு காணேல்ல எண்டதுதான் டெட் டைமின்ட தடயம். அரைவட்ட சோடியா தாலியம்-204 சோர்ஸ் விக்கிறது இதுக்காகத்தான், அதோட சோர்ஸ் இல்லாத வெறும் அரைவட்டும் வரும்.

செய்யிற ஒழுங்கு முக்கியம். முதல் சோர்ஸ வச்சு, மற்றப் பக்கத்தில வெறும் அரைவட்ட வச்சு 5 நிமிசம் எண்ணுங்கோ. பிறகு முதல் சோர்ஸத் தொடாம, அசைக்காம, வெறும் வட்ட எடுத்துப்போட்டு அந்த இடத்தில ரெண்டாவத வச்சு 5 நிமிசம். பிறகு ரெண்டாவதத் தொடாம, முதலாவத எடுத்துப்போட்டு அங்க வெறும் வட்ட வச்சு 5 நிமிசம். கடைசியா ரெண்டையும் எடுத்து பேக்கிரவுண்ட். எந்தச் சோர்ஸும் ஒருக்கா வச்ச பிறகு நகரக்கூடாது, நாங்க தேடுற வித்தியாசமே நாலஞ்சு சதவீதம்தான், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா அத விடக் கூட மாறிப்போயிரும். என்ர கையால எடுத்தது இப்பிடி வந்தது: முதலாவது 149,910, ரெண்டும் சேந்து 281,430, ரெண்டாவது 144,060, எல்லாம் 5 நிமிசத்தில. செக்கனுக்கு மாத்தினா 499.7, 938.1, 480.2. பேக்கிரவுண்ட் 0.87. கீழ சூத்திரத்தில `m1`, `m12`, `m2`, `mb` எண்டது இதே ஒழுங்கில இந்த நாலு நம்பரும்.

```
Z   = m12*(m1 + m2 - m12 - mb) / (m1*m2)
tau = (1 - sqrt(1 - Z)) / m12
```

499.7உம் 480.2உம் கூட்டினா 979.9, அதில 938.1 போனா 41.8, பேக்கிரவுண்டும் போனா 40.9. இதுதான் காணாமப் போன கவுண்ட். சூத்திரத்தில போட `Z` 0.160, `tau` 0.000089 செக்கன், 89 மைக்ரோசெக்கன். நாங்க 90 எண்டு எழுதி வச்சிருக்கிறம், ஏனெண்டா இந்த 89அ அவ்வளவு நுணுக்கமா நம்பேலாது. மூண்டு பெரிய நம்பரக் கூட்டிக் கழிச்சு ஒரு சின்ன நம்பர் எடுக்கேக்க எல்லாத்தின்ட தளம்பலும் அந்தச் சின்னதில வந்து விழும், 5 நிமிசம் எண்ணியும் 6 சதவீதம் மட்டில தளம்பல் இருக்கு. ஒரு நிமிசம் மட்டும் எண்ணியிருந்தா 14 சதவீதம். ஒரு ஆள் ஒருக்கா 20 செக்கன் எண்ணி டெட் டைம் மைனஸ்ல வந்திட்டுது எண்டு கவலைப்பட்டார், வேற ஒண்டும் இல்ல, நேரம் காணாது, அதோட சோர்ஸும் காணாது. செக்கனுக்கு ஐநூறு மட்டில வேகம் தாற சோர்ஸ் வேணும் இதுக்கு, தினமும் பாவிக்கிற அந்தச் சின்ன வட்டு சரிவராது.

இன்னொரு கண்ணி: புது டிஜிட்டல் மீட்டர் சிலது உள்ளுக்குள்ளயே டெட் டைம் திருத்திப்போட்டுத்தான் நம்பரக் காட்டும். அதுக்கு மேல நீங்களும் திருத்தினா ரெண்டு தரம் திருத்தினதாப் போயிரும், உண்மைய விடக் கூடக் காட்டும். மனுவல்ல பாருங்கோ, மனுவல் துலைஞ்சு போச்செண்டா இதே ரெண்டு சோர்ஸ் முறைய மீட்டர் காட்டுற நம்பர்ல செய்யுங்கோ, `tau` கிட்டத்தட்ட பூச்சியம் எண்டு வந்தா உள்ளுக்க ஏற்கனவே திருத்துது எண்டு அர்த்தம்.

இந்தச் சூத்திரத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. `m*tau` 0.3 தாண்டினா நான் அத நம்புறதில்ல. கொண்டக்டர் கதைக்கே திரும்ப வாங்கோ: சூத்திரம் நினைக்கிறது, அவர் மிச்சக்காசு எண்ணேக்க தப்பினவங்கள் சத்தமில்லாமப் போயிருவினம் எண்டு. உண்மையில சில பேர் தோளில தட்டி "அண்ணன் பொரளைக்கு எவ்வளவு" எண்டு கேட்டு எண்ணினத மறக்கப் பண்ணி, முதல்ல இருந்து எண்ண வைப்பினம். கூட்டம் அளவுக்கு மீறினா அவர் ஒரு டிக்கட்டும் கிழிக்கமாட்டார். ஜிஎம் மீட்டரும் அப்பிடித்தான், கதிர்வீச்சு கூடக்கூட ஊசி ஏறி, ஒரு இடத்தில நிண்டு, பிறகு கீழ விழத் தொடங்கும், மிகப் பலமான இடத்தில பூச்சியத்துக்கே வந்திடலாம். சில மீட்டர்ல அத உணர்ந்து ஓவர் எண்டு காட்டுற ஏற்பாடு இருக்கும், பழையதில இருக்காது. உயிருக்கு ஆபத்தான இடத்தில நிண்டுகொண்டு "ஒண்டும் இல்ல" எண்டு வாசிக்கிற நிலைமை. செக் சோர்ஸால இத ஒருக்காலும் பரிசோதிக்கேலாது, அது அவ்வளவு பலமில்ல. அதால ரேடியோகிராபி சோர்ஸ் மாதிரி பெரிய சாமான் இருக்கக்கூடிய இடத்துக்குப் போகேக்க, மீட்டர வாசலுக்கு வெளியவே ஓன் பண்ணி, சத்தத்தையும் ஓன்ல வச்சு, தூரத்தில இருந்து கிட்ட போங்கோ. ஏறிக்கொண்டு வந்த ஊசி நீங்க கிட்டப் போகப் போக விழுந்தா, இல்லாட்டி சத்தம் திடீரெண்டு அடங்கினா, நிக்காம வந்த வழியே பின்னுக்குப் போங்கோ. அப்பிடியான இடத்துக்கு அயன் சேம்பர் மீட்டர்தான் கொண்டு போகோணும், அது கவுண்ட் கவுண்டா எண்ணாம மின்னோட்டத்த அளக்கிறது, இந்த டெட் டைம் தொல்லை அதுக்கு இல்ல.

கடைசியா, 20 சதவீதத்துக்கு வெளிய வந்தா என்ன செய்யிறது. முதல்ல மீட்டர சந்தேகப்பட வேணாம், உங்களையே சந்தேகப்படுங்கோ: மூடி, வட்டு தலைகீழோ, வேற சோர்ஸ எடுத்திட்டீங்களோ (சீரியல் நம்பரப் பாருங்கோ, எங்கட பெட்டியில ஒரே மாதிரி மூண்டு இருக்கு), தேய்வுக் கணக்கில திகதி பிழையோ, பேக்கிரவுண்ட் எடுக்கேக்க சோர்ஸ் மேசையிலேயே கிடந்ததோ. பிறகு பற்றரி மாத்தி திரும்ப எடுங்கோ. பேக்கிரவுண்ட் வழமையா இருக்கு, சோர்ஸ் மட்டும் குறையுது எண்டா விண்டோ பக்கம் பாருங்கோ, மூடியோ, ஆரோ சுத்தின பொலித்தீனோ. ரெண்டும் சேந்து விழுந்தா ஹை வோல்டேஜ் இல்லாட்டி டியூப். பேக்கிரவுண்ட் மட்டும் ஏறியிருக்கெண்டா புரோப்ப வேற அறைக்குக் கொண்டு போய்ப் பாருங்கோ. அங்கயும் ஏறித்தான் இருந்தா புரோப்பிலேயே அழுக்கு ஒட்டியிருக்கலாம், இல்லாட்டி டியூப் வயசாகி தானா எண்ணுது. மூண்டு தரம் எடுத்தும் வெளியதான் நிக்குதெண்டா "பாவிக்க வேணாம்" எண்டு ஒரு டேக் கட்டி அலுமாரிக்குள்ள வையுங்கோ, மீட்டருக்குள்ள இருக்கிற ட்ரிம் பொட் எண்ட திருகாணிய திருகி நம்பர நீங்களா சரிக்கட்ட வேணாம், அத தொட்ட அந்த நிமிசமே கலிபிரேசன் செல்லாது.

எங்கட தம்பி இப்ப ரெஜிஸ்டர்ல டிக் அடிக்கிறதில்ல. ஒவ்வொரு வரியிலயும் திகதி, மீட்டர் நம்பர், சோர்ஸ் நம்பர், பேக்கிரவுண்ட் எத்தினை நிமிசத்தில எத்தினை கவுண்ட், சோர்ஸ் எத்தினை நிமிசத்தில எத்தினை கவுண்ட், திருத்தினது, கழிச்சது, எதிர்பாத்தது எண்டு எழுதிறார். எண்ணின கவுண்ட அப்பிடியே எழுதச் சொல்லித்தான் நான் பிடிவாதமா நிண்டது, ஏனெண்டா போன மாசம் அவர் 60ஆல பிரிக்க மறந்து போட்ட கணக்க அந்த ரெண்டு நம்பர வச்சுத்தான் திரும்பப் போட்டு எடுத்தம்.